சுண்டல் வண்டி பல்பும் திருவாதிரையும்

சோடியம் விளக்கைப் போட்டதும் அது மஞ்சளாக எரியாது. முதலில் ஒரு மங்கலான ரோஜா நிறம், பிறகு ஆரஞ்சு, எட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் அந்தக் கண்ணைக் குத்தும் மஞ்சள். கடலூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் இருட்டறையில், அந்தப் பத்து நிமிடமும் மாணவர்களுக்கு அரட்டை நேரம். அன்றைக்கு ஒரு மாணவி மட்டும் அரட்டையில் சேராமல் ஆப்டிகல் பெஞ்சில் குனிந்து திருகைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சார், முதல்ல மங்கலா ஃபிரிஞ்ச் வந்துச்சு சார். வெளிச்சம் பத்தலேன்னு ஸ்லிட்ட கொஞ்சம் அகலப்படுத்துனேன். வெளிச்சம் நல்லா வந்துச்சு, ஃபிரிஞ்ச் போயிடுச்சு."

ஃபிரிஞ்ச் என்று அவள் சொன்னது, இரட்டைப் பிளவு வழியாக வரும் ஒளி போடும் வெளிச்சமும் இருட்டுமான பட்டைகளை. இந்தப் புகாரைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். அதற்கு நான் சொல்லிவந்த பதில், "விளக்கு பழசும்மா, ஒரே நிறமா வரல." சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பதிலை நம்பி ஒரு தடவை புது விளக்குக்கு எழுதிப் போட்டு, அது வந்து, அதிலும் இதே கதை நடந்தது. சோடியத்தின் இரண்டு மஞ்சள் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன. அந்தச் சின்ன வித்தியாசம் பட்டைகளை அழிக்க வேண்டுமானால், நடுப்பட்டையிலிருந்து ஐந்நூறு பட்டை தாண்டிப் போக வேண்டும். இரட்டைப் பிளவில் நாம் பார்ப்பதோ பத்துப் பதினைந்து பட்டை. நிறத்தின் மேல் பழி போட வழியே இல்லை. குற்றவாளி அவள் கையில் இருந்த திருகுதான்.

எங்கள் அமைப்பு இது. விளக்குக்கு முன்னால் ஓர் ஒற்றைப் பிளவு, அதன் அகலம் b. அங்கிருந்து L = 500 மி.மீ. தள்ளி இரட்டைப் பிளவு, இரண்டுக்கும் இடையே d = 0.25 மி.மீ. அதிலிருந்து இன்னொரு D = 500 மி.மீ. தள்ளிக் கண்ணருகு லென்ஸ். ஒளியின் அலைநீளம் λ. பட்டை அகலம், பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்த λD/d, கணக்குப் போட்டால் 1.18 மி.மீ.

ஒற்றைப் பிளவின் நட்டநடுவில் உள்ள ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிளம்பும் ஒளி இரண்டு பிளவுகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. அதனால் நடுப்பட்டை நேர் எதிரே, நடுவில் விழுகிறது. இப்போது அந்தப் புள்ளிக்கு 0.2 மி.மீ. வலப்பக்கம் உள்ள இன்னொரு புள்ளி. அதற்கு வலது பிளவு கொஞ்சம் கிட்டே, இடது பிளவு கொஞ்சம் தூரம். அந்தப் பாதை வித்தியாசத்தைச் சரிக்கட்ட, அதன் நடுப்பட்டை இடப்பக்கம் நகர்ந்து விழும். எவ்வளவு? L-ம் D-யும் சமமாக இருப்பதால் அதே 0.2 மி.மீ. இந்த இரண்டு புள்ளிகளில் உள்ள சோடியம் அணுக்களுக்கு ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லை. ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒளிர்கிறது. அதனால் அவற்றின் அலைகள் ஒன்றையொன்று கூட்டியோ அழித்தோ நிலையான பட்டை எதையும் போடாது. இரண்டு பட்டைத் தொகுதிகளின் வெளிச்சம் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும்.

வாசலில் ஒருத்தி கோடுகளாகவே ஒரு கோலம் போட்டுவிட்டுப் போகிறாள். அடுத்தவள் வந்து அதே கோலத்தை ஒரு விரற்கடை தள்ளிப் போடுகிறாள். அதற்கடுத்தவள் இன்னொரு விரற்கடை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளி முழுவதையும் இப்படியே நிரப்பிவிட்டால் வாசல் வெறும் வெள்ளையாகத்தான் கிடக்கும். கோலம் போட்டவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. ஒவ்வொருத்தியின் கோலமும் கச்சிதம்.

ஆகவே ஒற்றைப் பிளவு 1.18 மி.மீ. அகலம் ஆகும்போது, அதன் ஒரு விளிம்பு போடும் பட்டைக்கும் மறு விளிம்பு போடும் பட்டைக்கும் சரியாக ஒரு பட்டை அகல வித்தியாசம் வந்துவிடுகிறது. எல்லாம் வெளுத்துவிடும். வேறு தூரங்களுக்கும் பொருந்தும்படி எழுதினால் இந்த எல்லை b = λL/d. இதில் D இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணருகு லென்ஸை முன்னும் பின்னும் தள்ளி ஒரு பயனும் இல்லை. மாணவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

அந்த எல்லைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதில்தான் சுவாரஸ்யம். பட்டைத் தெளிவை V = (Imax − Imin)/(Imax + Imin) என்று அளப்பார்கள். கறுப்புப் பட்டை முழுக் கறுப்பாக இருந்தால் V = 1. எல்லாம் ஒரே வெளிச்சமானால் V = 0. சீராக ஒளிரும் பிளவுக்கு

V = |sin u / u|, u = πbd/(λL)

அந்த மாணவியை ஒற்றைப் பிளவைக் கழற்றச் சொல்லி, நகரும் நுண்ணோக்கியில் அகலத்தை அளந்து மறுபடி மாட்டச் சொன்னேன். முதலில் 0.3 மி.மீ. சூத்திரப்படி V = 0.9. பளிச்சும் கறுப்பும் நன்றாகப் பிரிந்து தெரிந்தன. அடுத்து 0.6 மி.மீ., V ஏறக்குறைய 0.63. வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஆனால் கறுப்புப் பட்டை இப்போது கறுப்பு இல்லை, பளிச்சென்ற பட்டையின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதில் இருக்கிறது. 0.9 மி.மீ.-இல் V 0.3-க்கும் கீழே. மஞ்சள் மேல் மஞ்சள் கோடு போட்ட மாதிரி. 1.2 மி.மீ.-இல் ஒன்றுமே இல்லை.

"அவ்ளோதானா சார்?" என்றாள்.

"இன்னும் தொற."

1.8 மி.மீ. வரைக்கும் திறந்தோம். கண்ணை லென்ஸில் வைத்தவள் ஒரு நிமிடம் பேசவில்லை. பட்டைகள் திரும்ப வந்திருந்தன. மிக மங்கலாக, V 0.2 அளவில், ஆனால் வந்திருந்தன. நடுவில் பளிச்சென்று இருக்க வேண்டிய இடம் இருட்டாகவும், இருட்டாக இருக்க வேண்டிய இடம் வெளிச்சமாகவும் இருந்தது.

இதற்குச் சூத்திரம் வேண்டாம், பிளவை மனதில் மூன்றாக வெட்டினால் போதும். நடுவில் உள்ள 1.18 மி.மீ. பகுதி தனக்குத்தானே வெளுத்துச் சமவெளிச்சமாகிவிடுகிறது. மிச்சம் இருப்பது இரண்டு ஓரங்களிலும் 0.3 மி.மீ. துண்டுகள். வலது ஓரத் துண்டு தன் பட்டைகளை அரைப் பட்டைக்குச் சற்று அதிகமாக இடப்பக்கம் தள்ளிப் போடுகிறது, இடது ஓரத் துண்டு அதே அளவு வலப்பக்கம். இரண்டின் பளிச்சும் பழைய இருட்டுகளின் அருகிலேயே விழுகின்றன. நடு இடத்துக்கு இருவரும் இருட்டைத்தான் அனுப்புகிறார்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். எங்கள் ஒற்றைப் பிளவில் ஒரு தாடைதான் நகரும், மற்றது நிலையானது. திறக்கத் திறக்கப் பிளவின் நடுப்புள்ளியும் பாதி தூரம் ஒரு பக்கமாக நகர்கிறது. அதோடு பட்டைகள் எல்லாமே எதிர்ப்பக்கம் நகரும். 1.8 மி.மீ. திறந்தால் 0.9 மி.மீ. நகர்வு, அதாவது முக்கால் பட்டை. குறுக்குக் கம்பியை வைத்துக்கொண்டு "தலைகீழாயிடுச்சு" என்று சொல்பவர் உண்மையில் இந்த நகர்வைத்தான் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிளவைத் தாங்கும் தண்டின் பக்கவாட்டுத் திருகால் அந்த 0.9 மி.மீ.-ஐத் திருப்பித் தள்ளிய பிறகு பார்ப்பதுதான் நியாயமான சோதனை. கடலூர் உப்புக்காற்றில் எங்கள் பித்தளைத் திருகு பச்சை பூத்து, திருகினால் குதிக்கும். அன்றைக்கு அரை மணி நேரம் அதற்கே போனது.

சரி, வெளிச்சம் பத்தவில்லை என்ற அவளுடைய ஆதிப் புகாருக்கு என்ன வழி? முதலில் தோன்றுவது, பிளவை அகலமாக்கிவிட்டுத் தூரமாகத் தள்ளிவிடலாம் என்பது. L-ஐ 1000 ஆக்கினால் b-க்கு 2.36 மி.மீ. வரை இடம் கிடைக்கிறது அல்லவா? கிடைக்கிறது. ஆனால் தூரம் கூடியதால் ஒளி குறைகிறது. இரட்டைப் பிளவின் இடத்தில் நின்று பார்த்தால், விளக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்ற கோணம்தான் பேசுகிறது. அந்தக் கோணம் λ/d-க்குள் நன்றாக அடங்க வேண்டும். கிட்டே வைத்தாலும் தூர வைத்தாலும் அந்த வரம்பு ஒன்றுதான்.

இரண்டு இடங்களில் ஒளி அலைகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை இடஞ்சார் ஓரியல்பு என்று புத்தகம் சொல்வதன் உள்ளடக்கம் இதுவே. விளக்கோடு ஒட்டிப் பிறந்த குணம் போல அதை நினைத்துக்கொண்டிருந்தேன். லேசர் ஓரியல்பு உள்ளது, பல்பு இல்லாதது என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதியும் இருக்கிறேன். ஆனால் எந்த விளக்கின் ஒளியிலும், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குள் ஓரியல்பு இருக்கிறது. அந்த அகலம் சுமாராக λL/b. இரண்டு பிளவுகளும் அதற்குள் நெருக்கமாக இருந்தால் பட்டை வரும்.

வெளிச்சத்துக்கு உண்மையான வழி ஒற்றைப் பிளவின் உயரம். பிளவு நெடுக மேலும் கீழும் உள்ள புள்ளிகள் இரண்டு பிளவுகளுக்கும் சம தூரத்திலேயே இருக்கின்றன, அவை போடும் பட்டைகள் பக்கவாட்டில் நகர்வதில்லை. அதனால் அகலத்தில் கஞ்சமாக இருந்துகொண்டு உயரத்தில் தாராளமாக இருக்கலாம். ஒரே நிபந்தனை, ஒற்றைப் பிளவும் இரட்டைப் பிளவும் இம்மி பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். 10 மி.மீ. உயரமான பிளவு 3 பாகை சாய்ந்தால், மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் பக்கவாட்டில் 0.52 மி.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. பிளவு 0.1 மி.மீ. என்று பெருமையாகத் திருகி வைத்திருப்பீர்கள், அது 0.6 மி.மீ. பிளவு மாதிரி நடந்துகொள்ளும். 7 பாகை சாய்ந்தால் பட்டை போயே போச்சு. எப்படிக் கண்டுபிடிப்பது? பிளவைக் குறுக்கிக்கொண்டே போயும் பட்டை வராமல் வெளிச்சம் மட்டும் குறைந்தால் சாய்வுதான் காரணம். பிளவின் சுழற்றுத் திருகை மெல்லச் சுற்றினால், ஓரிடத்தில் பட்டைகள் சட்டென்று கண்விழிக்கும். பைபிரிஸம் சோதனை செய்தவர்களுக்கு அந்த நொடி நினைவிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் மகளுக்காக ஒரு கண்ணாடித் துண்டைத் தயார் செய்தேன். சூடத்தைக் கொளுத்தி, நுண்ணோக்கிக் கண்ணாடியை அதன் மேல் காட்டினால் கரி அழகாகப் படியும். இரண்டு சவரப் பிளேடுகளுக்கு நடுவே ஒரு தாள் துண்டைச் செருகிச் சேர்த்துப் பிடித்து, ஸ்கேல் ஓரமாக ஒரே இழுப்பு. பிளேடின் தடிமன் 0.1 மி.மீ., தாளின் தடிமன் கிட்டத்தட்ட அதே, ஆக இரண்டு கோடுகளுக்கும் நடுவே 0.2 மி.மீ. அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நாலு தடவை கெடுத்த பிறகு ஐந்தாவது தேறியது. கண்ணின் பாப்பாவுக்கு முன்னால் பிடித்தால் போதும், கண்ணே திரை.

சில்வர் பீச்சில் இருட்டிய பிறகு ஒரு சுண்டல் வண்டி. அதில் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பல்பு, குமிழ் சுமார் 6 செ.மீ. விட்டம்.

"அண்ணே, உங்க பல்ப கொஞ்ச நேரம் பாத்துக்கறோம்."

"பாத்துக்குங்க சார், காசா பணமா."

வண்டிக்குப் பக்கத்திலிருந்து மகள் பார்த்தாள். வெறும் வெள்ளைத் திட்டு. நான் வண்டிக்கு முதுகைக் காட்டி எட்டு வைத்து எண்ண ஆரம்பித்தேன். மணலில் என் ஓர் எட்டு 60 செ.மீ. இருக்கும். பத்தில் ஒன்றுமில்லை. முப்பதில் ஒன்றுமில்லை. நாற்பதைத் தாண்டியபோது, "அப்பா, ஏதோ கோடு மாதிரி" என்றாள். ஐம்பதில் எனக்கே தெரிந்தது. நூற்றுப் பத்தாவது எட்டில், கறுப்பு மையால் கீறிய மாதிரி நாலைந்து பட்டை, ஓரத்துப் பட்டைகளில் நீலமும் சிவப்பும் கசிந்திருந்தன.

வட்டமான விளக்குக்கு எல்லை கொஞ்சம் மாறும். பட்டை முதலில் மறையும் கோணம் λ/d அல்ல, 1.22 λ/d. ஓரங்களில் வட்டம் குறுகிவிடுவதால் அந்தச் சலுகை. பச்சை நடுவாக 0.55 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், 6 செ.மீ. பல்புக்கு அந்த எல்லை 18 மீட்டர், அதாவது என் முப்பதாவது எட்டு. ஐம்பதாவது எட்டில், 30 மீட்டரில், V 0.47. நூற்றுப் பத்தில் 0.87-ஐத் தொட்டுவிடுகிறது. வண்டியில் பல்பு மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. நாங்கள்தான் நடந்தோம்.

பக்கத்து மீன் வறுவல் கடையில் படுக்கைவாட்டில் ஒரு நாலடி டியூப் லைட். அதிலிருந்து 30 மீட்டரில் நின்று கண்ணாடியைப் படுக்கையாகப் பிடித்தால், கோடுகள் டியூபுக்கு இணையாக இருக்கும்போது, பட்டைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. கண்ணாடியை நிமிர்த்தினால் மாயம். டியூபின் தடிமன் 26 மி.மீ., நீளம் 1.2 மீட்டர். ஒரே விளக்கு ஒரு திசையில் ஒடுக்கமான மூலம், மறு திசையில் அகன்ற மூலம். இருட்டறையில் சுழற்றுத் திருகோடு போராடும் சாய்வுக் கதையை இங்கே மணிக்கட்டைத் திருப்பியே காட்டிவிடலாம்.

நிலா எழுந்திருந்தது. மகள் அதையும் பார்த்தாள். மங்கலான வெளிச்சத் திட்டு, பட்டை கிடையாது. இத்தனை லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தும் நிலா அரைப் பாகை அகலம், அதன் ஒளி நம் கண்ணருகே ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு அகலத்துக்குத்தான் ஓரியல்போடு இருக்கிறது. எங்கள் 0.2 மி.மீ. அதற்கு ரொம்ப அகலம். சூரியனும் அதே அரைப் பாகைதான் (கரிக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்). இந்தச் சோதனைக்குப் பேர்போன தாமஸ் யங் சூரிய ஒளியை முதலில் ஓர் ஊசித்துளை வழியாக விட்டதற்குக் காரணம் இதுவே.

விண்மீன்கள் மறுகோடி. அவை அவ்வளவு சின்னதாகத் தெரிவதால், அவற்றின் ஒளி மீட்டர் கணக்கான அகலத்துக்கு ஓரியல்போடு வந்து சேர்கிறது. அப்படியானால் பிளவுகளை விலக்கிக்கொண்டே போய், பட்டை எப்போது மறைகிறது என்று பார்த்தால் விண்மீனின் அகலத்தையே அளந்துவிடலாம். 1920 டிசம்பரில் அமெரிக்காவின் வில்சன் மலையில், 100 அங்குலத் தொலைநோக்கியின் தலையில் 20 அடி உத்தரம் ஒன்றைக் கட்டி, அதில் நகரும் கண்ணாடிகளை இரண்டு பிளவுகளாக வைத்து, இயற்பியலாளர் மைக்கேல்சனும் வானியலாளர் பீஸும் செய்தது இதைத்தான். கண்ணாடிகள் சுமார் 10 அடி விலகியபோது பட்டைகள் மறைந்தன. அதே 1.22 λ/d கணக்கில் கோணம் 0.047 வில்விநாடி. சூரியனைத் தவிர்த்து ஒரு விண்மீனின் விட்டம் முதன்முதலில் அளக்கப்பட்டது அப்போதுதான். அந்த விண்மீன் நம் திருவாதிரை. மார்கழிக் களி கிண்டும் வீடுகளில் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், களி ஆறும்வரை.

திங்கட்கிழமை மாணவி ரெக்கார்ட் நோட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். அட்டவணையில் b, கணக்கிட்ட V, கண்ணுக்குத் தெரிந்தது என்று மூன்று பத்தி. கடைசி வரிசையில் 1.8 மி.மீ.-க்கு எதிரே, "மங்கல், நடுவில் இருட்டு, ஸ்லிட்டை 0.9 மி.மீ. திருப்பித் தள்ளிய பிறகும் இருட்டு" என்று எழுதியிருந்தாள்.

"எக்ஸ்டர்னல் இத தப்புன்னு அடிச்சிட்டா சார்?"

"அவர அந்தத் திருகத் திருகிப் பாக்கச் சொல்லு" என்று கையெழுத்துப் போட்டேன். திருகுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று அட்டெண்டர் அண்ணனிடம் அப்போதுதான் சொன்னேன்.